நிறைக்கேற்ற ஒளி இல்லை: பழுப்புக் குறுமீன்கள் பற்றி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஓரியன் விண்மீன் கூட்டத்துக்குத் தெற்கே முயல் என்றொரு சிறு கூட்டம் இருக்கிறது. அதில் நம்மிடமிருந்து ஏறத்தாழ 19 ஒளியாண்டுத் தொலைவில் கிளீஸ் 229 என்ற செங்குறுமீன் இருக்கிறது. சூரியனைவிடச் சிறியது, குளிர்ந்தது, சிவந்தது. அதற்கு ஒரு துணை உண்டு. 1995-இல் அந்தத் துணையைக் கண்டுபிடித்து அறிவித்தபோது, விண்மீனாகவும் இல்லாத, கோளாகவும் இல்லாத பொருள் ஒன்று ஐயத்துக்கு இடமின்றிக் கிடைத்துவிட்டது என்று வானியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதன் நிறையைத் துல்லியமாக அளந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. இருக்கிற நிறைக்கு அது வீச வேண்டிய ஒளி இல்லை. 2024-இல் அந்தச் சிக்கல் தீர்ந்த விதத்தைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். பழுப்புக் குறுமீன் என்றால் என்ன, அது ஏன் இடைநிலையில் நிற்கிறது என்பதெல்லாம் அந்தக் கதைக்குள்ளேயே அடங்கிவிடும்.

விண்மீன் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். விண்வெளியில் குளிர்ந்த வாயு மேகத்தின் ஒரு துண்டு தன் ஈர்ப்பாலேயே சுருங்குகிறது. சுருங்கும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. அதில் ஏறக்குறைய பாதி ஒளியாக வெளியே போய்விடும், மீதிப் பாதி உள்ளே தங்கி வாயுவைச் சூடாக்கும். இதன் விளைவு நம் அன்றாட அனுபவத்துக்கு நேர்மாறானது. அந்த வாயு உருண்டை வெப்பத்தை வெளியே விட விட உள்ளே மேலும் சூடாகிறது. ஆரம் பாதியாகச் சுருங்கினால் மைய வெப்பநிலை ஏறத்தாழ இரு மடங்காகிறது. இப்படியே போய், மையம் சுமார் 30 லட்சம் டிகிரியைத் தொடும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தொடங்குகின்றன. அந்த இணைவு தரும் ஆற்றலும் மேற்பரப்பிலிருந்து வெளியேறும் ஒளியும் சமமாகும் கட்டத்தில் சுருக்கம் நிற்கிறது. அப்போது அது விண்மீன். நம் சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி டிகிரியில் இப்படிச் சமநிலை கண்டு 450 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.

எந்த வாயு உருண்டையும் போதிய காலம் சுருங்கினால் 30 லட்சம் டிகிரியைத் தொட்டுவிடாதா? தொடாது. நடுவே ஒரு தடை இருக்கிறது.

இந்த அரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இருக்கையில் ஒருவர்தான் அமரலாம். முன்வரிசைகள் நிறைந்தபின் வருகிறவர் பின்வரிசைக்கும், அதுவும் நிறைந்தபின் மாடிக்கும் போக வேண்டும். கால் வலிக்கிறது, மாடி ஏற விருப்பமில்லை என்று சொன்னாலும் வேறு வழியில்லை, கீழே இடமில்லை. எலக்ட்ரான்களின் நிலையும் இதுவே. ஒரு குவாண்டம் நிலையில் ஓர் எலக்ட்ரான்தான் இருக்க முடியும் என்பது பவுலியின் விதி. பொருளை நெருக்கிக்கொண்டே போனால் தாழ்ந்த ஆற்றல் நிலைகள் நிரம்பிவிடும், மற்ற எலக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றலில், அதாவது அதிக வேகத்தில் ஓடியே தீர வேண்டும். அந்த ஓட்டம் ஓர் அழுத்தத்தைத் தருகிறது. இதை இந்த உரையில் நெரிசல் அழுத்தம் என்று சொல்கிறேன். வாயு சூடாக இருப்பதால் வரும் அழுத்தம் வேறு, இது வேறு. நெரிசல் அழுத்தத்துக்கு வெப்பம் தேவையில்லை. பொருள் எவ்வளவு குளிர்ந்தாலும் அது குறையாது.

நம்மவர்களுக்கு இந்த அழுத்தம் அறிமுகமானதுதான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது கணக்கிட்டது, இறந்த விண்மீன்களாகிய வெண்குறுமீன்களில் இதே நெரிசல் அழுத்தம் எவ்வளவு நிறையைத் தாங்கும் என்பதைத்தான். அந்த இயற்பியலை விண்மீனின் முடிவிலிருந்து எடுத்துப் பிறப்பில் பொருத்திப் பார்த்தவர் சிவ் எஸ். குமார். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். 1963-இல் வெளியான அவருடைய கணக்கு இதுதான்: சுருங்கும் உருண்டையின் நிறை சூரியனின் நிறையில் சுமார் 0.07 பங்குக்குக் கீழே இருந்தால், மையம் ஹைட்ரஜனைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறுவதற்குள் எலக்ட்ரான் நெரிசல் முந்திக்கொள்கிறது. அழுத்தத்தின் பெரும்பங்கை அது ஏற்றுக்கொண்டதும் சுருக்கம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சுருக்கம் நின்றால் புதிய வெப்பத்துக்கு வழியில்லை. அதன்பின் வெளியே போகும் ஒளி உள்ளிருக்கும் வெப்பத்தைக் கரைக்கத்தான் செய்யும். மைய வெப்பநிலை ஓர் உச்சத்தைத் தொட்டுத் திரும்பிக் கீழே இறங்குகிறது. அதே ஆண்டில் ஜப்பானில் ஹயாஷியும் நகானோவும் தனியாகக் கணக்கிட்டு ஏறத்தாழ இதே எல்லைக்கு வந்தார்கள். நம் கல்லூரி மாணவர்கள் சந்திரசேகரை அறிந்த அளவுக்குக் குமாரை அறிவதில்லை என்பது எனக்குள்ள வருத்தம். பழுப்புக் குறுமீன் என்ற பெயர் 1975-இல் ஜில் டார்ட்டர் தம் முனைவர் பட்ட ஆய்வில் இட்டது. பொருளைக் கண்ணால் காண்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே பெயர் கிடைத்துவிட்டது.

அந்த உச்ச வெப்பநிலை நிறையைப் பொறுத்துச் செங்குத்தாக மாறுகிறது. நிறை பாதியானால் உச்சம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்துவிடும். ஆகவேதான் எல்லைக் கோடு இவ்வளவு கூர்மையாக இருக்கிறது. இன்றைய கணக்குகளில் அது வியாழனின் நிறையைப் போல் 75 மடங்குக்கு அருகே வருகிறது, வாயுவின் சேர்மானத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடும் அல்லது குறையும். எல்லைக்குச் சற்றே மேலே உள்ள பொருள் லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் எரியும் விண்மீனாகிறது. சற்றே கீழே உள்ளது கொஞ்ச காலம் ஹைட்ரஜனை எரிக்கவும் செய்யும், ஆனால் இழக்கும் ஒளிக்கு ஈடாக எரிக்க முடியாமல் மெல்லத் தணிந்துபோகும். விண்மீன் என்ற தகுதிக்கு அளவுகோல் இணைவு நடப்பது அல்ல. அந்த இணைவு செலவை முழுவதும் ஈடுகட்டுவதே அளவுகோல். இதைப் பொது நூல்களில் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

இடைநிலை என்பதன் பொருளை வடிவளவிலும் காணலாம். வியாழனோடு மேலும் பொருளைச் சேர்த்தால் அது பெரிதாகும் என்று நினைப்போம். ஏறக்குறைய ஆகாது. சேரும் பொருளின் ஈர்ப்பு உள்ளே நெருக்கிவிடுகிறது. ஒரு வியாழன் நிறை முதல் எழுபது எண்பது வியாழன் நிறை வரை, போதிய வயதான எல்லாப் பொருள்களும் ஏறத்தாழ வியாழன் அளவிலேயே நிற்கின்றன. எழுபது மடங்கு நிறையுள்ள பழுப்புக் குறுமீன், அளவில் வியாழனைவிடச் சற்றே சிறியதுகூட. அதன் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் நூறு மடங்குக்கு மேல். எல்லைக்குச் சற்று மேலே, 85 வியாழன் நிறையில், முறையாக எரிகிற ஒரு விண்மீனை 2017-இல் அளந்தார்கள். அது சனிக் கோளைவிடச் சிறிதளவே பெரியது. ஆக, ஆரத்தை மட்டும் அளந்து ஒரு பொருளைக் கோள், பழுப்புக் குறுமீன், விண்மீன் என்று பிரிக்க இயலாது. நிறை வேண்டும்.

நிறையைத் தூரத்திலிருந்து அறிவது எளிதல்ல. பழுப்புக் குறுமீன் பிறந்த நாள் முதல் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. நிறை மிகுந்த ஒன்று 500 கோடி ஆண்டுகள் குளிர்ந்து வந்து நிற்கும் அதே மங்கலில், நிறை குறைந்த ஒன்று சில கோடி ஆண்டுகளிலேயே வந்து நிற்கும். இரண்டின் ஒளியும் மேற்பரப்பு வெப்பமும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். வயது தெரியாமல் நிறை சொல்ல முடியாது. இந்தத் துறையில் எழும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

இதைத் தாண்ட 1990-களின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டின் ரெபோலோவும் உடன் ஆய்ந்தவர்களும் ஒரு சோதனையை முன்வைத்தார்கள். லித்தியம் சுமார் 25 லட்சம் டிகிரியில், ஹைட்ரஜன் பற்றுவதற்குச் சற்று முன்பே, அழிந்துவிடும். நிறை குறைந்த விண்மீன்களின் உட்பகுதி முழுவதும் மேலும் கீழுமாகக் கொதித்துக் கலந்துகொண்டே இருப்பதால் மேற்பரப்பு லித்தியமும் மையத்துக்குப் போய் எரிந்து தீரும். சுமார் 60 வியாழன் நிறைக்குக் கீழே உள்ளவற்றில் அந்த வெப்பம் வருவதே இல்லை, எனவே லித்தியம் தப்பிவிடும். நிறமாலையின் சிவப்புப் பகுதியில் 670.8 நானோமீட்டரில் லித்தியக் கோடு தெரிந்தால் அது பழுப்புக் குறுமீனாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் அங்கும் எச்சரிக்கை தேவை. மிக இளம் விண்மீன்கள் தம் லித்தியத்தை இன்னும் எரித்து முடித்திருக்காது. வயது தெரிந்த இடத்தில் மட்டுமே சோதனை செல்லும். அதனால்தான் அவர்கள் கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் தேடினார்கள். அந்தக் கூட்டம் ஒரே காலத்தில் பிறந்தது, வயது 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். 1995 செப்டம்பரில் அங்கே டெய்டே 1 என்ற பழுப்புக் குறுமீனை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அதில் லித்தியமும் உறுதியானது.

டெய்டே 1 அறிவிப்புக்கு அடுத்த மாதமே கிளீஸ் 229-இன் துணை வந்தது. அதைத் தேடியவர்களில் கால்டெக்கின் சீனிவாஸ் குல்கர்ணி ஒருவர். மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். பலோமார் மலையில் 1.5 மீட்டர் தொலைநோக்கியில், விண்மீனின் கூசும் ஒளியை ஒரு தடுப்பால் மறைத்து அதன் அருகே தேடியபோது, 1994 அக்டோபரில் ஒரு மங்கலான புள்ளி தெரிந்தது. அது பின்னணியில் தொலைவில் கிடக்கும் வேறொரு பொருளாகவும் இருக்கலாம். ஆகவே அவர்கள் உடனே அறிவிக்கவில்லை. ஓராண்டு காத்திருந்து மீண்டும் பார்த்தார்கள். கிளீஸ் 229 வானத்தில் மெல்ல நகர்ந்திருந்தது, புள்ளியும் அதனோடு சேர்ந்தே நகர்ந்திருந்தது. துணை என்பது உறுதியாயிற்று.

பிறகு அதன் அகச்சிவப்பு நிறமாலையைப் பெரிய தொலைநோக்கியில் எடுத்தார்கள். அதில் மீத்தேன் இருந்தது. இங்கே சற்று நின்று போக வேண்டும். ஒரு பொருளின் வளிமண்டலம் 1,300 கெல்வினுக்கு மேல் சூடாக இருந்தால் கார்பன் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடாகவே இருக்கும், மீத்தேனுக்கு இடமிருக்காது. மிகச் சிறிய விண்மீனின் மேற்பரப்பும் அதைவிட எத்தனையோ நூறு டிகிரி சூடானது. மீத்தேனை அதுவரை வியாழன் போன்ற கோள்களின் நிறமாலையில்தான் கண்டிருந்தோம். எனவே லித்தியம், வயது என்ற விவாதமே இங்கே தேவைப்படவில்லை. மேற்பரப்பு 1,000 கெல்வினுக்கும் கீழே. விண்மீனாக இருக்க வழியே இல்லை. புளோரன்ஸ் நகர மாநாட்டில் இதை அறிவித்தபோது, அதே மாநாட்டில் மேயரும் கெலோசும் சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளையும் அறிவித்தார்கள். கோளும் பழுப்புக் குறுமீனும் ஒரே வாரத்தில் அவைக்கு வந்தன.

இனி சிக்கலுக்கு வருகிறேன். துணைக்கு அப்போது சொன்ன நிறை ஊகம்தான், ஒளியையும் வயதையும் வைத்துச் சொன்னது. உண்மையான நிறையை அறிய, அது தன் விண்மீனை எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் 1990-களின் தொடக்கத்தில் அளந்த நகர்வையும், கையா செயற்கைக்கோள் சுமார் 25 ஆண்டுகளுக்குப் பின் அளந்த நகர்வையும் ஒப்பிட்டால் கிளீஸ் 229-இன் பாதை சற்றே வளைந்திருப்பது தெரியும். அந்த வளைவோடு, துணையின் இருப்பிடத்தைக் காட்டும் பல ஆண்டுப் படங்களையும், விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும் வேகத்தையும் சேர்த்து, திமொத்தி பிராண்ட் குழுவினர் நிறையைக் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 71 வியாழன் நிறை வந்தது. பிழை வரம்பு ஒரு வியாழன் நிறைகூட இல்லை.

71 என்பது விண்மீன் எல்லையை உரசும் எண். அந்த நிறையுள்ள பொருள் கிளீஸ் 229-இன் வயதில் இன்னும் கணிசமாகச் சூடாகவும் ஒளியாகவும் இருக்க வேண்டும். இதுவோ சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்குகூட வீசவில்லை. இப்படி ஒரு முரண் வரும்போது மூன்று இடங்களில் தேடலாம். அளவீடு தவறாக இருக்கலாம். குமார் தொடங்கிவைத்த குளிர்வுக் கோட்பாடு தவறாக இருக்கலாம். அல்லது நாம் அளந்தது ஒரே பொருள் அல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவதை ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். குளிர்ந்துவரும் பழுப்புக் குறுமீன்களில், வயது ஒன்றாக இருந்தால், நிறை பாதியாகும்போது ஒளி தோராயமாக ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 71 வியாழன் நிறை ஒரே பொருளாக இருந்தால் அதன் ஒளியை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதே நிறை சம பாதிகளாக இரண்டு பொருள்களில் இருந்தால் ஒவ்வொன்றும் ஆறில் ஒன்று, இரண்டும் சேர்ந்து மூன்றில் ஒன்று. இழுப்பு அதே இழுப்பு, ஒளி மட்டும் மூன்றில் ஒரு பங்கு. நாம் காண்பதும் இதே வகைக் குறைவுதான்.

ஜெர்ரி ஷுவான் தலைமையிலான குழு இந்த ஐயத்தோடு சிலி நாட்டில் உள்ள நான்கு எட்டு மீட்டர்த் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாக இணைக்கும் கிராவிட்டி கருவியால் பார்த்தது. ஒரு புள்ளி இரண்டாகப் பிரிந்தது. அதே வளாகத்தின் நிறமாலைக் கருவி, இரண்டின் வேகமும் எதிரெதிராக மாறி மாறி வருவதைக் காட்டியது. 2024 அக்டோபரில் முடிவு வெளியானது. ஒன்று 38 வியாழன் நிறை, மற்றது 34. இரண்டும் 12 நாள்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. இடையே உள்ள தூரம் பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப் போல் 16 மடங்கு, அதாவது சுமார் 60 லட்சம் கிலோமீட்டர். வேறொரு குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்தது. கோட்பாடு சரி, அளவீடும் சரி. ஒன்று என்று எண்ணியதுதான் சரியில்லை. எல்லைக்கு அருகே நின்ற பொருள், எல்லையிலிருந்து வெகு கீழே உள்ள இரண்டு பொருள்களாயிற்று. 1963-இல் காகிதத்தில் போட்ட கணக்கை நம்பி, அது ஒத்துவராத இடத்தில் ஏதோ மறைந்திருக்கிறது என்று சொல்லும் நிலைக்குத் துறை வந்துவிட்டது.

மேல் எல்லை இப்படி உறுதியானது. கீழ் எல்லை அப்படி அல்ல. வழக்கமாக 13 வியாழன் நிறை என்பார்கள். அதற்கு மேலே உள்ளவை ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியத்தை எரிக்கும், கீழே உள்ளவை எரிக்காது. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பணிக்குழுவும் 2000-களின் தொடக்கத்தில் இந்தக் கோட்டையே ஏற்றது. ஆனால் டியூட்டீரியம் லட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு இரண்டு என்ற அளவில்தான் இருக்கிறது. இளமையிலேயே எரிந்து தீர்ந்துவிடும், அதன் பிறகு அந்தப் பொருளின் வாழ்வில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. 12 வியாழன் நிறைக்கும் 14 வியாழன் நிறைக்கும் இடையே, மேலே 74-க்கும் 78-க்கும் உள்ளதைப் போன்ற வேறுபாடு கிடையாது.

உண்மையான வேறுபாடு பிறப்பில் இருக்கிறது என்று பலரும் கருதுகிறார்கள், நானும் கருதுகிறேன். கோள், விண்மீனைச் சுற்றிய தட்டில் தூசும் பனியும் வாயுவும் திரண்டு உருவாகிறது. பழுப்புக் குறுமீன், விண்மீனைப் போலவே வாயு மேகம் நேராகச் சுருங்கி உருவாகிறது. அப்படிச் சுருங்கும் துண்டுகள் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும்? 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஐசி 348 என்ற இளம் விண்மீன் திரளில் மூன்று நான்கு வியாழன் நிறையே உள்ள தனிப் பொருளைக் காட்டியது. மேகம் நேரடியாக இவ்வளவு சிறியதையும் பெற்றுத்தர முடியும் என்றால் 13 என்ற கோட்டுக்கு இயற்கையில் அடையாளம் இல்லை. பிறப்பை வைத்துப் பிரிப்பதிலும் இடர் உண்டு. தட்டில் பிறந்து தூக்கி எறியப்பட்ட கோளும், மேகத்தில் தனியாகப் பிறந்த பொருளும், சில நூறு கோடி ஆண்டுகள் குளிர்ந்தபின் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இதற்குச் சான்று நம் அண்டையிலேயே இருக்கிறது. 2014-இல் கெவின் லூமன் கண்டுபிடித்த வைஸ் 0855 என்ற பொருள் வெறும் 7.4 ஒளியாண்டுத் தொலைவில், எந்த விண்மீனையும் சுற்றாமல், தனியே இருக்கிறது. அதன் வெப்பநிலை தண்ணீரின் உறைநிலையை ஒட்டி வருகிறது. வயது தெரியாததால் நிறை 3 முதல் 10 வியாழன் வரை எதுவாகவும் இருக்கலாம். 13 என்ற விதிப்படி அது பழுப்புக் குறுமீன் ஆகாது. இன்று கிடைக்கும் தரவுகளை வைத்து நான் அதைப் பழுப்புக் குறுமீன் என்றே வகைப்படுத்துவேன். சூரியனின் அண்டையில் இத்தகைய தனிப் பொருள்கள் குளிர்ந்த பழுப்புக் குறுமீன்களின் வரிசையில் தொடர்ச்சியாக வந்து சேர்கின்றன, அந்த வரிசை 13-இல் அறுபடவில்லை. விண்மீனுக்கும் பழுப்புக் குறுமீனுக்கும் இடையே இயற்கை போட்ட கோடு இருக்கிறது. பழுப்புக் குறுமீனுக்கும் பெருங்கோளுக்கும் இடையே இருப்பது நாம் வசதிக்காகப் போட்ட கோடு. இனி வரும் பாடநூல்கள் இரண்டையும் ஒரே தடிப்பில் வரைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.